டார்க் ஜீன்ஸ் வெளுக்கக்கூடாது, வியர்வை நாத்தமும் போகணும்: கேளுங்க, சொல்றேன்

மஞ்சக்குப்பம் தம்பி: அண்ணே, தினமும் கடலூர்லேர்ந்து பாண்டிக்கு பைக்ல போறேன், ஜீன்ஸ் இடுப்புலயும் தொடை நடுவுலயும் நாறுது. துவைச்சா வெளுக்குது, என்ன பண்ண?

தம்பி, ஜீன்ஸ்ல இண்டிகோ கலர் நூலுக்கு மேலாப்புல தான் ஒட்டியிருக்கும், நடு வெள்ளையா தான் இருக்கும், அதனால கல்லுல அடிச்சா ப்ரஷ் போட்டா அந்த மேல்தோல் உரிஞ்சு வெள்ளை எட்டிப் பாக்கும். நாத்தம் இருக்கறது உள்பக்கம். அதனால ஜிப், பட்டன் போட்டு பேண்ட்டை உள்ள வெளியா திருப்பிக்கோ. அரை பக்கெட் பச்சத்தண்ணியில அரை கப் வெள்ளை வினிகர் ஊத்தி அரை மணி நேரம் ஊற வை (ப்ளீச்சிங் பவுடர் கிட்டக்கூட வரக்கூடாது, விஷ வாயு வரும்). அந்தத் தண்ணிய கொட்டிட்டு புதுத் தண்ணியில ஒரு ஸ்பூன் லிக்விட் போட்டு கையால அமுக்கி எடு, இடுப்புப் பட்டியையும் நடுத் தையலையும் மட்டும் விரலால மெல்ல தேய். ரெண்டு அலசு. முறுக்கிப் பிழியாத, நிழல்ல தொங்கவிடு.

வில்லியனூர் அக்கா: உப்புத் தண்ணியில ஊறவெச்சா கலர் பிடிச்சுக்கும்னு எங்கம்மா சொல்வாங்க, நான் ஒரு கைப்பிடி போடுவேன்.

பாதி சரிக்கா. சில பருத்தித் துணிக்கு சாயம் ஏத்தும்போது உப்பு போடறது உண்மை தான், ஆனா சாயம் ஏறி முடிஞ்ச ஜீன்ஸ்ல அது ஒண்ணும் செய்யாது. முதல் துவைப்புல தண்ணி நீலமா வரும், அது ஒட்டாம நின்ன கலர், பயப்பட வேண்டாம்.

முத்தியால்பேட்டை: எங்க போர் தண்ணி உப்பு கரிக்கும், காஞ்சதும் வெள்ளைக் கோடு.

நுரை வரலன்னு பவுடரை அள்ளி அள்ளிப் போட்டிருப்பீங்க, அது மடிப்புல தங்கிடும். ஈரத்துணியால ஒரு கோட்டை துடைச்சு காயவிட்டுப் பாருங்க, போயிட்டா பவுடரோ தண்ணி உப்போ தான், நல்ல தண்ணியில இன்னொரு அலசு போதும். அப்படியே நின்னா மெஷின்ல மடிஞ்சு தேய்ஞ்ச கோடு, அது திரும்பாது. பவுடர் நிறைய பிராண்டுல வெளுப்பு சமாச்சாரம் கலந்திருக்கும், லிக்விடுக்கு மாறிடுங்க.

கூல் கய்: புது ஜீன்ஸை பழசு மாதிரி வெளுக்க வைக்க வழி சொல்லுங்க ப்ரோ

மேல சொன்னதுக்கெல்லாம் நேர்மாறா பண்ணு தம்பி, வினிகரோட ப்ளீச்சிங் பவுடரை மட்டும் சேர்த்துடாத, வெயில் வேற நம்மூர்ல சும்மா கிடைக்குது.

லாஸ்பேட்டை: ப்ரீசர்ல ஒரு ராத்திரி வெச்சா நாத்தம் போகும்ல? என் தம்பி வெச்சான், மீன் பக்கத்துல.

முக்கால்வாசி கிருமி குளிர்ல சாகாதுங்க, தூங்கும், திரும்பப் போட்டா உடம்பு சூட்டுல முழிச்சுக்கும். மீன் வாசனை வேற சேர்ந்திருக்கும்.

மஞ்சக்குப்பம் தம்பி: அண்ணே, ஐப்பசி மழையில நிழல்ல போட்டா ரெண்டு நாள் காயல, இப்ப வேற நாத்தம்!

அது வியர்வை இல்ல, ஈர நாத்தம். மறுபடி வினிகர்ல ஊறவெச்சு துவைச்சு மெஷின்ல தண்ணிய மட்டும் வடிச்சுட்டு, பாக்கெட்டை வெளிய இழுத்துவிட்டு பேனுக்குக் கீழ போடு, பாக்கெட்டு தான் கடைசியா காயும்.

வில்லியனூர் அக்கா: எத்தனை தடவை போட்டதுக்கு ஒருமுறை துவைக்கணும்?

ஏசி ஆபீஸ்னா அஞ்சாறு தடவை போடலாம்னு நான் சொல்வேன், எங்க வீட்ல மூணு தான். இந்தச் சண்டை இன்னும் முடியல.