மீனாட்சியா, கயல்விழியா?

“மகளுக்கு மீனாட்சி, கயல்விழி என இரு பெயர்களை எண்ணியுள்ளோம். எது தூய தமிழ்?”

இரண்டின் பொருளும் ஒன்றே: மீன் போன்ற கண்ணுடையவள். கயல் என்னும் மீனும் விழியும் தமிழ்ச்சொற்கள் என்பதால், கயல்விழி முழுமையாகத் தமிழ்ப்பெயர்.

மீனாட்சி சற்றுச் சிக்கலானது. அதன் பின்பகுதி, கண்ணைக் குறிக்கும் ‘அக்ஷி’ என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். முன்பகுதியான ‘மீன’ வடமொழியிலும் உண்டெனினும், அது திராவிட மொழியிலிருந்து அங்குச் சென்றது என்பதே மொழியியலாளர் பலரின் கருத்து. ‘மீன் ஆட்சி’ எனப் பிரித்துப் பாண்டியர் கொடியோடு இணைப்போரும் உளர். ஆயினும் காமாட்சி, விசாலாட்சி ஆகிய பெயர்களின் அமைப்பை நோக்க, அப்பிரிப்பு எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

மதுரை அம்மனின் பெயரே வேண்டுமெனில், சம்பந்தர் தேவாரத்தில் வரும் ‘அங்கயற்கண்ணி’ (அம் + கயல் + கண்ணி) தூய தமிழே. அழைப்பதற்குத்தான் சற்று நீளம்.