ஆர்ஓஇ ஏறியது, லாபம் இறங்கியது

"கடன் வாங்கி, நான் போட்ட முதலில் பாதியை வெளியே எடுத்தேன். லாபம் குறைந்தும் ஆர்ஓஇ 15-லிருந்து 20 சதவீதம் ஆகிவிட்டது. தொழில் முன்னேறியிருக்கிறதா?"

இல்லைங்க, ஆர்ஓஇ என்பது லாபத்தை உங்கள் சொந்த முதலால் வகுத்து வரும் சதவீதம்; அதில் வகுக்கிற எண் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். முதல் 100, லாபம் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 சதவீத வட்டிக்கு 50 கடன் வாங்கி உங்கள் பணத்தில் 50-ஐ எடுத்தால், வட்டி 5 போக லாபம் 10, உள்ளே இருக்கும் முதல் 50, அதனால்தான் 20 சதவீதம் (வரியை விட்டுவிட்டேன்). வட்டியை லாபத்தோடு திரும்பக் கூட்டி, முதலும் கடனும் சேர்ந்த தொகையால் வகுத்துப் பாருங்கள், பழைய 15 தான் வரும். தொழில் எப்படி நடக்கிறது என்று சொல்வது அந்த எண்.

அப்புறம், வட்டிக்கு முந்தைய லாபம் 6 ஆக விழும் வருடத்தில் கடன் இல்லாதவருக்கு 6 சதவீதம் மிஞ்சும். உங்களுக்கு 2 தான்.