ரெண்டு வரி லெட்டரை வச்சு விசா கேக்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு 52 வயசு, குடியாத்தம், ஷூ கம்பெனில சூப்பர்வைசர். எங்க அக்கா இறந்துட்டாங்க. அவங்க பொண்ணு கனடாவுல இருக்கா, மே மாசம் டெலிவரி, என்னைக் கூப்பிடுறா. ஆனா லெட்டர்ல "இவங்கள கனடாவுக்கு அழைக்கிறேன், செலவு முழுக்க நானே பாத்துக்கறேன்"னு மட்டும்தான் எழுதிருக்கா. ட்ராவல்ஸ்ல நோட்டரி சீல் போட்டா போதும்கறாங்க. போதுமா?

பதில்: போதாதும்மா. நோட்டரி சீல் கையெழுத்து அவளோடதுதான்னு மட்டும்தான் சொல்லும், லெட்டர்ல இல்லாத விஷயத்தை அது கொண்டுவந்து சேக்காது. விசா ஆபீசர் முக்கியமா பாக்கறது இவங்க எதுக்கு வர்றாங்க, எவ்ளோ நாள் இருப்பாங்க, திரும்பிப் போயிடுவாங்களாங்கறதுதான். கனடா விசிட்டர் விசாவை ரிஜெக்ட் பண்றப்போ அடிக்கடி வர்ற காரணமே தங்கற காலம் முடிஞ்சா கிளம்பிடுவாங்கன்னு எனக்கு திருப்தி இல்லைங்கறதுதான். உங்க லெட்டர்ல எப்போ கிளம்புவீங்கன்னே இல்ல, அப்புறம் அவர் எதை வச்சு திருப்தி ஆவார் சொல்லுங்க.

முதல்ல தேதி. இதை அவ இஷ்டத்துக்கு எழுதக்கூடாது, உங்க லீவை வச்சுதான் எழுதணும். கம்பெனி 45 நாள் லீவு குடுக்குதுன்னு வைங்க, டெலிவரி டேட் மே 12னு வைங்க, அப்போ ஏப்ரல் 28 வர்றாங்க, ஜூன் 9 கிளம்பறாங்கன்னு எழுதட்டும். விசிட்டருக்கு பொதுவா ஆறு மாசம் வரைக்கும் தங்க விடுவாங்களேன்னு "ஆறு மாசம்"னு போட்டுட்டா, கம்பெனி லீவு லெட்டர் ஒன்னு சொல்லும் இது ஒன்னு சொல்லும், அங்கதான் சந்தேகம் வரும். அப்ளிகேஷன் ஃபார்ம்லயும் அதே தேதிதான் இருக்கணும். டிக்கெட்டை இப்பவே போட்டுடாதீங்க.

அடுத்து உறவு, உங்க கேஸ்ல ரொம்ப கவனமா பண்ண வேண்டியது இதுதான். "இவங்க என் அம்மாவோட கூடப்பிறந்த தங்கச்சி, அம்மா இறந்துட்டாங்க"ன்னு நேரா எழுதச் சொல்லுங்க. எழுதினா மட்டும் பத்தாது, பேப்பர்ல சங்கிலி மாதிரி கோக்கணும்: பொண்ணோட பர்த் சர்டிஃபிகேட்ல உங்க அக்கா பேர் இருக்கும், அக்காவோட டெத் சர்டிஃபிகேட்ல அவங்க அம்மா பேர் இருக்கும், உங்க பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்துலயும் அதே அம்மா பேர் இருக்கும். நம்ம ஊர்ல ஒவ்வொரு பேப்பர்ல ஒவ்வொரு ஸ்பெல்லிங் இருக்கும், அப்படி இருந்தா உங்க அப்பா காலமாகி வாரிசு சான்றிதழ் வாங்கியிருந்தீங்கன்னா அதையும் சேருங்க, அதுல அக்காவும் நீங்களும் ஒரே பேப்பர்ல இருப்பீங்க. தமிழ்ல மட்டும் இருக்கறதுக்கு இங்லீஷ் டிரான்ஸ்லேஷன், மொழிபெயர்த்தவரோட அஃபிடவிட், ரெண்டும் வேணும். நீங்களோ சொந்தக்காரங்களோ மொழிபெயர்க்கக்கூடாது.

ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். "அம்மானே போட்டுடுங்க, ஈஸியா கிடைக்கும்"னு யாராவது சொல்வாங்க. கேக்காதீங்க. பொய்னு தெரிஞ்சா அஞ்சு வருஷம் கனடாவுக்குள்ள போக முடியாது. சூப்பர் விசா அப்பா அம்மா, தாத்தா பாட்டிக்குத்தான், சித்திக்கு கிடையாது, நீங்க கேக்க வேண்டியது சாதாரண விசிட்டர் விசா.

அப்புறம் காரணம். "அம்மா இல்லாததால டெலிவரி நேரத்துல சித்தி கூட இருக்கணும், முதல் சில வாரம் வீட்ல ஒத்தாசையா இருப்பாங்க"ன்னு எழுதினா போதும், கூட அங்க டாக்டர் குடுக்கற டெலிவரி தேதி லெட்டர். "நான் வேலைக்குப் போறேன், சித்தி குழந்தைய பாத்துப்பாங்க"ன்னு எழுத வேணாம், அதுக்கு சம்பளம் மாதிரி எதுவும் குறிப்பிடவே வேணாம். சொந்தக்காரங்க சும்மா வந்து உதவறதை அவங்க வேலையா எடுத்துக்கறதில்ல, ஆனா படிக்கறவருக்கு ஆள் வேலைக்கு வர்றாங்கன்னு தோணிடுச்சுன்னா விளக்கம் சொல்ல நமக்கு வாய்ப்பு வராமயே போகலாம்.

மிச்சது சின்னது: ரெண்டு பேரோட முழுப் பேரு, பிறந்த தேதி, விலாசம், ஃபோன், அவளோட வேலை, எங்க தங்குவீங்க, அவ வீட்ல யார் யார் இருக்காங்க. செலவு நான்தான்னு சொன்னதுக்கு பேஸ்லிப், அங்க டாக்ஸ் கட்டின நோட்டீஸ், கூட பிஆர் கார்டு இல்ல சிட்டிசன்ஷிப் காப்பி. உங்க பக்கத்துல இருந்து லீவு லெட்டர், அதுல எந்த தேதி திரும்ப வேலைக்கு வரணும்னு கம்பெனி எழுதியிருக்கணும், அப்புறம் இங்க இருக்கற குடும்பம், வீடு பத்தின பேப்பர்.

அவ புது லெட்டர் அனுப்பினதும் லீவு லெட்டரையும் ஃபார்மையும் பக்கத்துல வச்சு தேதியைப் பாருங்க, மூணுலயும் தேதி ஒத்துப்போனா அப்ளை பண்ணுங்க. அந்த லெட்டரோட ஒரு பிரிண்ட் ஹேண்ட் பேக்ல இருக்கட்டும், ஏர்போர்ட்ல இறங்கினதும் இதே கேள்வியை அங்க ஆபீசர் திரும்ப கேப்பார்.