மாடிப்படியில் பீரோ: நோட்டீஸ் போட்டால் நாமே அகற்றலாமா?

கேள்வி: மதுரை கே.கே. நகரில் மூன்று மாடி, 12 வீடுகள் கொண்ட அடுக்ககம் எங்களுடையது. நான் பதிவு செய்த சங்கத்தின் செயலாளர். அடுத்த மாதம் தீயணைப்பு ஒத்திகை நடத்தப் போகிறோம். இரண்டாம் மாடி வீட்டுக்காரர் படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு மரப் பீரோ, பெயின்ட், தின்னர் டப்பாக்கள், ஒரு கேஸ் சிலிண்டர் எல்லாம் வைத்திருக்கிறார். கேட்டால், "14 வருஷமா இங்கதான் இருக்கு. 12 வருஷம் தாண்டினா இடம் எனக்குத்தான். கை வச்சா திருட்டுக் கேஸ் கொடுப்பேன்" என்கிறார். நோட்டீஸ் போட்டுவிட்டு நாங்களே எடுத்துவிடலாமா ஐயா?

பதில்: எடுக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அவர் முடியாது என்று நிற்கும்போது பீரோவை நீங்களே தூக்கி இறக்குவது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள்.

முதலில் அந்த 12 வருஷக் கதையைப் பார்ப்போம். 1963 காலவரையறைச் சட்டத்தில் எதிரிடை அனுபவத்துக்கு 12 ஆண்டு என்று இருப்பது உண்மைதான். ஆனால் அது அடுத்தவர் சொத்தை, அவர் உரிமையை மறுத்து, தனியாக ஆண்டவருக்கு உரியது. படிக்கட்டு 12 வீட்டாரின் கூட்டுச் சொத்து. அதில் ஒரு பங்குதாரரின் அனுபவம் மற்றவர்களுக்காகவும் சேர்த்துத்தான் என்பது நிலைபெற்ற கோட்பாடு. மற்றவர்களை அங்கிருந்து வெளியேற்றி, "இது எனக்கு மட்டும்" என்று வெளிப்படையாக அறிவித்து வைத்திருந்தால்தான் கணக்கே தொடங்கும். நீங்கள் எல்லோரும் 14 வருடமாக அந்தத் திருப்பத்தின் வழியாகத்தானே ஏறி இறங்குகிறீர்கள்? பிறர் இடத்தைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று 20 ஆண்டு அனுபவத்தால் வரும் வசதியுரிமையும் அவருக்குக் கிடையாது; அது பிறர் நிலத்தின் மீது வருவது, தானே பங்குதாரராக உள்ள இடத்தின் மீது அல்ல.

ஒருவேளை அவர், "பில்டர் எனக்கு அந்த மூலையை வாய்மொழியாகக் கொடுத்தார்" என்று அடுத்து சொல்லலாம். அவருடைய கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தையும் கட்டுமான ஒப்பந்தத்தையும் பாருங்கள். பிரிபடாத பங்கும் வீட்டின் சதுர அடியும்தான் இருக்கும். படிக்கட்டு பொது உபயோகத்தில் வரும். 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 2(என்) பிரிவு படிக்கட்டு, லிஃப்ட் முகப்பு, தீ வெளியேறும் வழி எல்லாவற்றையும் பொதுப் பகுதி என்றே சொல்கிறது. உங்கள் கட்டடம் அதற்கு முந்தையது என்றாலும் சட்டத்தின் பார்வை என்ன என்பதை அது காட்டும்.

இப்போது நோட்டீஸ். பல சங்கங்கள் தவறும் இடம் இதுதான். உயரமான கட்டடங்களுக்கான ஒத்திகை விதிகளை எங்கிருந்தோ எடுத்து, "சட்டப்படி ஒத்திகை கட்டாயம், ஆகவே காலி செய்க" என்று எழுதிவிடுகிறார்கள். மூன்று மாடிக்கு அது பொருந்தாது என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே வரியில் அடித்துவிடுவார். காலி செய்யக் கேட்பதற்குக் காரணம் பொதுவழி, தீ ஆபத்து. ஒத்திகை ஒரு தேதி மட்டுமே. இரண்டையும் ஒரே தாளில் எழுதலாம், ஒன்றை மற்றொன்றின் மீது நிறுத்தக் கூடாது. வாசகம் இப்படி இருந்தால் போதும்:

"சங்க நிர்வாகக் குழுவின் இன்ன தேதித் தீர்மானத்தின்படி, படிக்கட்டு, திருப்பங்கள், மின்மீட்டர் பலகையைச் சுற்றிய இடம், மொட்டைமாடிக் கதவு ஆகியவற்றில் உள்ள தனியார் பொருட்கள் அனைத்தையும் உரியவர்கள் அகற்ற வேண்டும். சிலிண்டர், பெயின்ட், தின்னர் போன்றவற்றை 48 மணி நேரத்துக்குள்ளும், மற்றவற்றை 15 நாட்களுக்குள்ளும் அகற்றவும். இது எல்லா வீட்டாருக்கும் பொருந்தும். தீயணைப்பு ஒத்திகை இன்ன தேதி, இன்ன நேரம். ஒத்திகையின்போது லிஃப்ட் இயங்காது. நடக்க முடியாதவர்கள் முன்கூட்டியே தெரிவிக்கவும்."

48 மணி, 15 நாள் என்பவை எந்தச் சட்டத்திலும் இல்லை. நியாயமான அவகாசம் கொடுத்ததாகக் காட்டுவதற்கே. சிலிண்டருக்குக் குறைவாகக் கொடுக்கக் காரணம் உண்டு. கசியும் கேஸ் காற்றைவிடக் கனமானது, படி வழியாகவே கீழே இறங்கித் தரைத்தளத்தில் தேங்கும். நம் ஊர் ஃபிளாட்களில் பெரும்பாலும் மீட்டர் பலகை அங்கேதான் இருக்கிறது. தின்னர் பற்றினால் புகை மேலே ஏறும், மூன்றாம் மாடிக்காரர்கள் இறங்கும் வழி அது ஒன்றுதான். இதை நோட்டீஸில் இரண்டு வரியாகச் சேருங்கள், நீதிமன்றத்துக்கும் உதவும். அவர் அசையாவிட்டால் சிலிண்டரையும் தின்னரையும் பற்றி மட்டும் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வ புகார் கொடுங்கள். உயிருக்கு ஆபத்து வரும்படி எரியும் பொருளை அலட்சியமாக வைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 287ஆவது பிரிவில் வரும். 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேஸ் வாடை வந்தால் நோட்டீஸுக்குக் காத்திருக்காமல் 1906 என்ற கேஸ் அவசர எண்ணை அழையுங்கள்.

"எல்லா வீட்டாருக்கும்" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். தலைவர் வீட்டுச் செருப்பு ஸ்டாண்டும் உங்கள் பேரனின் சைக்கிளும் படியிலேயே இருக்க, இரண்டாம் மாடிக்காரரை மட்டும் விரட்டினால் நீதிபதி முதலில் அதைத்தான் கேட்பார். தடையுத்தரவு என்பது நீதிமன்றம் தன் விருப்புரிமையில் கொடுப்பது, கேட்பவர் கை சுத்தமாக இருக்க வேண்டும்.

நோட்டீஸை நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்புங்கள். வாடகைக்கு விட்டிருந்தால் உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் தனித்தனிப் பிரதி. வாட்ஸ்அப் குழுவில் போடுவது கூடுதலாகத்தான் இருக்க வேண்டும்.

திருட்டுக் கேஸ் பயத்துக்கு வருவோம். நேர்மையற்ற எண்ணம் இல்லாமல் திருட்டு இல்லை. ஆனால் பூட்டிய பீரோவை நீங்கள் நகர்த்தி, அவர் "உள்ளே நகை இருந்தது" என்று சொன்னால், குற்றம் நிலைக்காவிட்டாலும் நீங்கள்தான் காவல் நிலையத்துக்கு நடக்க வேண்டும். அவர் எழுத்தில் சம்மதித்தால் மட்டும் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் பட்டியல் எழுதிப் புகைப்படம் எடுத்து, பூட்டை உடைக்காமல் நகர்த்துங்கள். பழைய இரும்புக் கடைக்குப் போடுவதும், பராமரிப்புப் பாக்கிக்காகப் பிடித்து வைப்பதும் கூடவே கூடாது. அப்படிப் பிடித்து வைக்கும் உரிமை ஒப்பந்தச் சட்டத்தில் சங்கத்துக்கு இல்லை. தண்ணீரை நிறுத்தும் யோசனை யாராவது சொன்னால் அங்கேயே மறுத்துவிடுங்கள், நல்ல வழக்கு அதோடு கெடும்.

15 நாள் முடிந்தும் பீரோ அங்கேயே இருந்தால் முன்சீப் நீதிமன்றத்தில் 1963ஆம் ஆண்டின் குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 39ஆவது பிரிவில், அகற்றச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளை கேளுங்கள். கூடவே நீதிமன்றம் நியமிக்கும் வக்கீல் ஆணையர் வந்து இடத்தைப் பார்த்து அளந்து அறிக்கை தர மனுப் போடுங்கள். பீரோவால் படியில் எவ்வளவு அகலம் மிச்சம் என்று அவர் எழுதுவதே பாதி வழக்கு. இரண்டாம் மாடிக்காரர் முந்திக்கொண்டு உங்களுக்கு எதிராகத் தடை வாங்குவார் என்று தோன்றினால், இன்றே கேவியட் மனு தாக்கல் செய்து அவருக்கும் பிரதி அனுப்பிவிடுங்கள். 90 நாள் வரை உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை வராது.

இதற்காக ஒத்திகையைத் தள்ளிவைக்க வேண்டாம். பீரோ இருக்கும்போதே நடத்துங்கள். வரும் தீயணைப்பு நிலைய அலுவலரிடம் படியின் நிலையைப் பார்வையிட்டுக் கடிதமாகத் தரும்படி முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். இறங்கி வருவதைச் செல்போனில் படம் எடுப்பவர், அதை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட, பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவுப்படியான சான்றிதழில் பிறகு கையெழுத்திட வேண்டியிருக்கும். அதற்குச் சம்மதிக்கும் ஒருவரிடம் போனைக் கொடுங்கள்.