சம்பளத்தில் பிடிக்கிற அந்த 105 ரூபாய்

கேள்வி: "பிளஸ் டூ முடிச்சுட்டு திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில சேரப் போறேன். சம்பளம் 14,000. அதுல இ.எஸ்.ஐ.க்கு 105 ரூபாய் பிடிப்பாங்களாம். வீட்ல ஏற்கெனவே முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு. சொந்தக்கார மாமா ஒருத்தர் தனியா பாலிசி எடுக்கச் சொல்றார். மூணும் ஒண்ணுதானே, இ.எஸ்.ஐ. வேண்டாம்னு சொல்லிடலாமா?"

சொல்லாதே தம்பி. இதே வார்த்தையை 2008-ல் நான் சொன்னேன். அப்போது எனக்கு 19 வயது. கோயம்புத்தூரில் மோட்டாருக்கு ஸ்டாம்பிங் அடிக்கும் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டச் சேர்ந்தேன். சம்பளம் 4,200. தொழிலாளி பங்கு அந்தக் காலத்தில் 1.75 சதவீதம், அதாவது மாதம் சுமார் 73 ரூபாய். "அண்ணா, எனக்கு அது வேண்டாம், கையில கொடுத்துருங்க" என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவர் மறு பேச்சு பேசவில்லை. என் பெயர் ரெஜிஸ்டரில் ஏறவில்லை, வவுச்சரில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கினேன். என் 73 ரூபாயோடு சேர்த்து அவர்கள் கட்ட வேண்டிய பெரிய பங்கும் மிச்சமானது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் தகட்டை வெட்டும் டை கீழே இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. எங்கள் பட்டறையில் ஒரு பட்டனுக்கு ஆப்பு வைத்து நிரந்தரமாக அழுத்தி விட்டிருந்தார்கள். ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில் என்று ஓட்டினால் உருப்படி அதிகம் விழும். ஆடிட்டுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் ஆப்பைக் கழற்றுவார்கள், கையுறை கொடுப்பார்கள், சுவரில் புது போஸ்டர் ஒட்டுவார்கள். மறுநாள் எல்லாம் பழையபடி. இத்தனை வருடத்துக்குப் பிறகும் இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. உன் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் போக முடியவில்லை.

மூன்றாவது மாதம் இடது கை ஆள்காட்டி விரலில் மேல் இரண்டு கணு போய்விட்டது. கம்பெனி ஆட்களே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். "வீட்டுக் கதவுல மாட்டிக்கிச்சுன்னு சொல்லு" என்றார்கள். சொன்னேன். பில்லைக் கட்டிவிட்டு 10,000 ரூபாயைக் கையில் கொடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அதே விரலை வைத்தே மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறேன். கணக்குக்கு உன்னுடைய 14,000-ஐ எடுத்துக்கொள்ளலாம்.

இ.எஸ்.ஐ. என்பது சமூகக் காப்பீடு. உன் சம்பளத்தில் 0.75 சதவீதம், 105 ரூபாய், நீ கொடுக்கிறாய். கம்பெனி 3.25 சதவீதம், 455 ரூபாய், தன் கையிலிருந்து போட வேண்டும். மொத்தம் 560. நீ வேண்டாம் என்று சொன்னால் 105 மிச்சம் என்று நினைப்பாய், உனக்காகப் போகிற 455-ம் சேர்ந்து போய்விடும். உனக்கு என்ன வியாதி, வீட்டில் யாருக்குச் சர்க்கரை என்று யாரும் கேட்பதில்லை. ஆபத்தைப் பார்த்து விலை போடுவதில்லை, சம்பளத்தைப் பார்த்துப் பங்கு எடுக்கிறார்கள். ஆரோக்கியமாக இருப்பவன் பணம் விழுந்தவனுக்குப் போகிறது, நாளைக்கு நீ விழுந்தால் உனக்கு வருகிறது. எல்லோரும் கட்டாயம் சேர்ந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். அதனால்தான் உன் விருப்பத்துக்கு விடாமல் சட்டமாக வைத்திருக்கிறார்கள். இதற்கான முதல் சட்டம் 1948-ல் வந்தது. நம் பக்கம் 1955-ல் கோயம்புத்தூரில்தான் முதலில் தொடங்கியது.

விரலுக்கு வருவோம். சாதாரணக் காய்ச்சலுக்கு விடுப்புப் பணம் வாங்க ஆறு மாதக் காலத்தில் 78 நாளுக்குப் பங்கு கட்டியிருக்க வேண்டும். வேலையில் நடந்த விபத்துக்கு அந்த நிபந்தனை கிடையாது, சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. வைத்தியம் அவர்கள் பொறுப்பு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தினச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். உன் சம்பளத்தில் அது ஒரு நாளைக்கு சுமார் 420 ரூபாய். காயம் ஆறிய பிறகு மருத்துவக் குழு பார்த்து, சம்பாதிக்கும் சக்தி எத்தனை சதவீதம் போனது என்று எழுதும். ஆள்காட்டி விரலில் இரண்டு கணு என்றால் சட்ட அட்டவணையில் 11 சதவீதம். 420-ல் 11 சதவீதம் என்றால் நாளைக்கு 46 ரூபாய், மாதம் சுமார் 1,380. இது உயிரோடு இருக்கும் வரை வரும். வேறு வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் நிற்காது. வேறொரு பட்டறையில் எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இதே மாதிரி விரல் போனது. அவர் பெயர் ரெஜிஸ்டரில் இருந்தது. அவருக்கு இன்றும் மாதா மாதம் பாங்கில் பணம் விழுகிறது. எனக்கு அந்தப் பத்தாயிரத்தோடு சரி.

உன் வீட்டில் இருக்கும் முதலமைச்சர் அட்டையைப் பார். பெயரில் காப்பீடு என்று இருந்தாலும் தன்மையில் அது சமூக உதவி. நீ எதுவும் கட்டவில்லை, அரசாங்கம் வரிப் பணத்தில் கட்டுகிறது. வருமானச் சான்றிதழ் காட்டி, கஷ்டப்படுகிற குடும்பம் என்று நிரூபித்துத்தான் அந்த அட்டை வந்தது. வருடத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை, பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, சேர்ந்திருக்கும் ஆஸ்பத்திரியில் செலவு பார்க்கும். என் அம்மாவைப் போல எத்தனையோ பேரைக் காப்பாற்றிய திட்டம், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் விரல் ஆறும் வரை வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாட்களுக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. அப்புறம், அதற்கு வருமான வரம்பு வருடத்துக்கு 1,20,000. உன் சம்பளம் மட்டுமே வருடத்துக்கு 1,68,000 ஆகிறது. நீ வேலைக்குப் போவதாலேயே அந்தத் தகுதி போகலாம். உதவி என்பதன் குணமே இது. எங்கள் அம்மாவுக்கு வந்துகொண்டிருந்த விதவை உதவித்தொகை, "மகன்தான் சம்பாதிக்கிறானே" என்று விசாரணையில் எழுதி நின்றது. அப்போது என் சம்பளம் 4,200, அதுவும் விரல் போன கையோடு. பங்கு கட்டி வாங்குவது சம்பளம் உயர்ந்தவுடன் இப்படிப் பறிபோகாது. மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே வருவாய் என்பது உண்மைதான். அதுவும் நடுவில் தாண்டினால் அந்த ஆறு மாதக் காலம் முடியும் வரை தொடரும்.

மாமா சொல்லும் பாலிசி தனியார் காப்பீடு. அது உனக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தம். தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கிடைக்கும். உன் வயதையும் உடம்பையும் பார்த்துத்தான் விலை. 18 வயதில் மலிவாகத் தெரியும், வயது ஏற ஏறப் பிரீமியம் ஏறும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைக்கலாம். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்து அதை மறைத்து எழுதினால், கிளெய்ம் வரும்போது அதைத்தான் முதலில் தோண்டுவார்கள். இ.எஸ்.ஐ.யிலோ, உன்னை நம்பி இருக்கும் பெற்றோரின் பெயரைக் குடும்பத்தில் சேர்த்தால் அவர்களுக்கும் வைத்தியம் உண்டு, சர்க்கரை இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை. என் விரலுக்கு மெடிக்ளெய்ம் பாலிசி இருந்திருந்தால் ஆஸ்பத்திரி பில்லுக்கான பணம் வந்திருக்கும், அவ்வளவுதான். விபத்துப் பாலிசி தனியாக எடுத்திருந்தால் அதன் அட்டவணைப்படி ஒரே தடவை ஒரு தொகை வந்திருக்கும்.

"இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் தெரியுமா" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: தெரியும். அம்மாவோடு அங்கே எத்தனையோ காலை நின்றிருக்கிறேன், மாத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பியும் இருக்கிறார்கள். கையில் காசு சேர்ந்த பிறகு ஒரு தனியார் பாலிசியும் கூட வைத்துக்கொள், நான் தடுக்கவில்லை. அதை இ.எஸ்.ஐ.க்குப் பதிலாக எடுக்காதே என்றுதான் சொல்கிறேன். அடிபட்டு வீட்டில் கிடக்கும் நாளுக்குச் சம்பளமும், போன விரலுக்கு ஆயுள் முழுக்கப் பணமும் எந்த மெடிக்ளெய்மிலும் இல்லை. பத்து பேருக்குக் குறைவான இடத்தில் வேலை என்றால் மட்டும் கதை வேறு. அங்கே பொதுவாக இ.எஸ்.ஐ. இருக்காது, நீயே ஒரு விபத்துப் பாலிசி எடுத்துத்தான் ஆக வேண்டும்.

சேர்ந்ததும் செய்ய வேண்டியது இது. சேர்ந்த பத்து நாளுக்குள் உன்னைப் பதிவு செய்திருக்க வேண்டும். பத்து இலக்க இன்சூரன்ஸ் நம்பரைக் கேட்டு வாங்கு. ஆதாரில் இருக்கிற மாதிரியே பெயர், இனிஷியல், பிறந்த தேதி எல்லாம் ஏறியிருக்கிறதா என்று பார். சிலர் சம்பளத்தில் பிடிப்பார்கள், கட்ட மாட்டார்கள். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும். அதற்குப் பிறகு www.esic.gov.in-ல் உன் நம்பரில் நுழைந்தால் எந்த மாதம் எத்தனை நாளுக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும். அடிபட்ட பிறகு அவசரமாகப் பதிவு செய்கிறவர்களும் உண்டு. பதிவான நாளும் விபத்து நாளும் ஒட்டி இருந்தால் அதிகாரிகள் விசாரணை வைப்பார்கள், உன் பணம் மாதக்கணக்கில் இழுக்கும்.

அப்படியே பதிவு செய்யாமல் விட்டிருந்தாலும் உன் உரிமை போகாது. இ.எஸ்.ஐ. பொருந்துகிற கம்பெனியில் நீ வேலை செய்தாய் என்று காட்டினால் போதும், கட்டாத பணத்தை முதலாளியிடம் வசூலிப்பது இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் வேலை. இதை எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. அதனால் வருகை அட்டை, சம்பளச் சீட்டு, வவுச்சர் எது கொடுத்தாலும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள். அடிபட்டால் டாக்டரிடம் முதலில் உண்மையைச் சொல், எந்த மெஷின், எத்தனை மணி என்று. அந்த முதல் சீட்டில் "கதவில் மாட்டியது" என்று எழுதிவிட்டால், பிறகு என்ன சாட்சி கொண்டு போனாலும் அந்தச் சீட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.