கனமில்லாத நண்டை எடுக்காதீர்கள்

"பெரிய நண்டாகப் பார்த்துத்தான் வாங்கினேன். உடைத்தால் உள்ளே வெறும் தண்ணீர். ஒன்று வழியிலேயே செத்துவிட்டது, சமைக்கலாமா?"

அது ஓடு கழற்றி அதிக நாள் ஆகாத நண்டு. புது ஓடு பெரிதாகிவிடும், சதை நிரம்பச் சில வாரம் பிடிக்கும். அதுவரை உள்ளே நீர்தான். அடுத்த முறை ஒரே அளவில் இரண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். கனமானதை எடுங்கள். அப்புறம் அதைத் திருப்பி, கால்கள் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அடி ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கொடுக்கு கட்டியிருக்கட்டும். அமுங்கினால் வேண்டாம். பளபளக்கும் புது ஓட்டைவிட, அழுக்கேறிக் கீறல் விழுந்த பழைய ஓட்டில்தான் சதை அதிகம்.

சினை வேண்டுமென்றால் வயிற்று மடல் அகன்று வட்டமாக இருக்கும் பெண் நண்டு. பின்பக்கம் மேல் ஓடும் மடலும் சேரும் இடுக்கை லேசாக விரித்தால் ஆரஞ்சு நிறம் தெரியும். மடலுக்கு அடியில் முட்டை கொத்தாக ஒட்டி வெளியே தெரிந்தால் விட்டுவிடுங்கள், அது குஞ்சு பொரிக்கப் போகிறது.

செத்ததைத் தூக்கிப் போடுங்கள். உயிர் போனதும் அதன் செரிமானச் சுரப்பியின் நொதிகள் சதையைக் கரைக்கத் தொடங்கும், கிருமிகளும் வேகமாகப் பெருகும். அவை விடும் நச்சுகளில் சில கொதிக்க வைத்தாலும் போகாது. எப்போது செத்தது என்று தெரியாத நண்டை நான் தொடவே மாட்டேன்.