‘இல்லை’ என்று எழுதியது யார்?

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் தேறிவிட்டேன். அடுத்து மெடிக்கல். பாதம் தட்டையோ என்று பயம், தூக்கமே வரவில்லை. வேறு பிரச்சினை இல்லை. ப்ளஸ் டூ படிக்கும்போது பக்கத்து வீட்டுச் சித்தப்பா கொடுத்த வரப்புத் தகராறு கேஸில் என் பெயரும் இருந்தது, அது ராஜியாகிவிட்டது. போலீஸ் வெரிபிகேஷன் படிவத்தில் வழக்கு பற்றிய இடத்தில் அப்பாவே ‘இல்லை’ என்று எழுதிவிட்டார். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். பாதத்துக்கு என்ன செய்வது?
– பெயர் வேண்டாம்

ஈரக் காலைச் சிமெண்டுத் தரையில் வையுங்கள், தம்பி. தடத்தில் உள்பக்க வளைவு தெரிந்தால் தூங்கப் போங்கள். தெரியாவிட்டால் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள்.

தூக்கம் கெட வேண்டியது அந்த ‘இல்லை’க்கு. ராஜி என்கிறீர்களே, தீர்ப்பு நகலைப் படித்தீர்களா? இந்திய தண்டனைச் சட்டம் நடப்பில் இருந்த 2024 வரை, வரப்புச் சண்டை என்றால் அதன் 323-உடன் 294(பி)-யும் சேர்த்துப் போடுவது ஸ்டேஷன் வழக்கமாக இருந்தது. அடித்ததற்கான 323-ஐச் சமரசத்தில் முடிக்கலாம். ஆபாசமாகத் திட்டியதற்கான 294(பி)-யை முடியாது. அதனால் ஊரில் பேசி முடித்தபின் சாட்சிகள் கோர்ட்டில் பிறழ்வார்கள். ‘சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை’ என்று தீர்ப்பு வரும். உங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ராஜி. காவலர் பணி விதி 14(பி)-யின் விளக்கமோ, அப்படி விடுதலையானவரை வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதுகிறது.

அப்பா பயந்தது இதற்குத்தான். ஆனால் மறைக்க முடியாது. உங்களைப் பற்றி உள்ளூர் ஸ்டேஷனில்தான் கேட்பார்கள், எஃப்.ஐ.ஆர். அங்கேயே கிடக்கிறது. அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார்கள். உங்கள் பக்கத்து வீடு யாருடையது?

இன்னொன்றையும் அந்த ‘இல்லை’ மறைத்துவிட்டது. ப்ளஸ் டூ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். சண்டை நடந்த தேதியில் உங்களுக்கு 18 முடிந்திருந்ததா? முடியவில்லை என்றால் நீங்கள் சட்டப்படி சிறார். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, இந்த மாதிரி வழக்கில் தண்டனையே பெற்றிருந்தாலும் அதனால் தகுதியிழப்பு வராது என்கிறது. நீங்கள் தண்டனைகூடப் பெறவில்லை. வழக்கு பெரியவர்களோடு சேர்ந்து சாதாரண கோர்ட்டில் நடந்திருந்தாலும், ‘அன்று நான் சிறார்’ என்ற கோரிக்கையை முடிந்த வழக்கிலும் எழுப்பலாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் போதும். ஆனால் வழக்கே இல்லை என்று கையெழுத்துப் போட்டவர் இதை எந்த வாயால் கேட்பது?

18 முடிந்திருந்தாலும் எழுதத்தான் வேண்டும். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மறைத்ததையே நியமனத்தை ரத்து செய்யக் காரணமாக்கலாம் என்றது. அற்ப வழக்கென்றால் துறை மன்னிக்கலாம், மன்னித்தே ஆக வேண்டும் என்றில்லை. உண்மையைச் சொன்னவரும் நிராகரிக்கப்படலாம். ஆனால் அவர் விதியை எதிர்த்து மட்டும் வாதாடினால் போதும், தன் பொய்யையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதில்லை.

அப்பா சொல் தட்டாத பிள்ளை நல்ல பிள்ளைதான். பொய்க்குக் கையெழுத்துக் கேட்கிற அப்பாவிடம் மட்டும் தட்ட வேண்டும். படிவத்தின் கீழே இருக்கப்போவது அவர் பெயரில்லை.

வேறு படிவம் வாங்கி உங்கள் கையால் நிரப்புங்கள்: ஸ்டேஷன், குற்ற எண், பிரிவுகள், கோர்ட், வழக்கு எண், தீர்ப்புத் தேதி, எப்படி முடிந்தது. எஃப்.ஐ.ஆர்., தீர்ப்பு இரண்டின் சான்றிட்ட நகலுக்கு இன்றே மனுப் போடுங்கள். திங்கட்கிழமைக்குள் வராவிட்டால், விண்ணப்பித்த விவரத்தைப் படிவத்தோடு எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.